6,800 ரூபாய் ஃபிளாட் மலிவா, 7,600 ரூபாய் ஃபிளாட் மலிவா? கார்பெட் ஏரியா கணக்கில் உதவி தேவை

முத்துக்குமரன் (திங்கள், காலை)

எல்லோருக்கும் வணக்கம். மேடவாக்கம் பக்கம் இரண்டு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டுமே மூன்று படுக்கையறை, இரண்டும் இன்னும் கட்டுமானத்தில் இருப்பவை. முதலாவது பதினான்கு மாடி, நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் எல்லாம் உண்டு. சதுர அடி 6,800 ரூபாய், 1,250 சதுர அடி. ஆக 85 லட்சம். இரண்டாவது கீழே கார் நிறுத்தும் ஸ்டில்ட் போக நான்கு மாடி, சின்ன கட்டடம். சதுர அடி 7,600 ரூபாய், 1,120 சதுர அடி. ஆக 85 லட்சத்து 12 ஆயிரம்.

ஏறக்குறைய ஒரே விலை. முதலாவதில் 130 சதுர அடி கூடுதல், ரேட்டும் 800 ரூபாய் குறைவு. எனக்கு முதலாவதுதான் சரி என்று பட்டது. ஆனால் இரண்டு மாதிரி வீட்டையும் பார்த்த என் மனைவி, "ரெண்டும் ஒரே அளவுதான் இருக்கு, எங்கே அந்த 130 அடி?" என்று கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

இரண்டு இடத்திலும் காமன் ஏரியா எவ்வளவு என்று கேட்டேன். முதலாவதில் 26 சதவீதம் என்றார்கள், இரண்டாவதில் 20 சதவீதம் என்றார்கள். ஆறு சதவீத வித்தியாசம்தானே, அதை வைத்து எப்படி ஒப்பிடுவது?

---

பிரபு_ஓஎம்ஆர் (திங்கள், காலை)

சிம்பிள் நண்பா. எந்த ஃபிளாட்டாக இருந்தாலும் பொது இடமும் சேர்த்துச் சொல்கிற சூப்பர் பில்டப்பில் 30 சதவீதத்தைக் கழித்தால் வீட்டுக்குள் இருக்கும் தரை, அதாவது கார்பெட் வந்துவிடும். பத்து வருடமாக நான் இப்படித்தான் பார்க்கிறேன். முதலாவது 1,250, அதில் 875 கார்பெட். இரண்டாவது 1,120, அதில் 784. முதலாவதில் 91 சதுர அடி அதிகம், அது ஒரு சின்ன படுக்கையறை அளவு. யோசிக்காமல் முதலாவதை எடுங்கள். உங்கள் மனைவி பார்த்த மாதிரி வீட்டில் சாமான் நிறைய போட்டிருப்பார்கள், அதனால் சின்னதாகத் தெரிந்திருக்கும்.

---

ராஜலட்சுமி (திங்கள், மதியம்)

தம்பி, உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். நான் நங்கநல்லூரில் பதினைந்து வருடப் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கினேன். பத்திரத்தில் "பொது இடம் உட்பட 980 சதுர அடி பிளிந்த் ஏரியா" என்று ஒரே வரிதான் இருந்தது. சதுர அடி 5,500 என்று பேசி 53 லட்சத்து 90 ஆயிரத்துக்கு முடித்தோம். குடிபோவதற்கு முன்பு தரை ஓடு மாற்ற ஆள் கூப்பிட்டோம். அவர் டேப் வைத்து அறை அறையாக அளந்து, "அம்மா, 690 அடிக்கு ஓடு வாங்கினால் போதும், பால்கனிக்குத் தனியாக 50" என்றார். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

பிறகு உட்கார்ந்து பார்த்தபோது யாரும் ஏமாற்றவில்லை என்று புரிந்தது. ஒன்பது அங்குலச் சுவர், படிக்கட்டு, மாடிக் கூரைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து 980. ஆனால் அதே தெருவில் இன்னொரு வீட்டையும் பார்த்திருந்தோம். அதில் 900 சதுர அடிதான் என்று வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அது கீழே கார் விட இடம், இரண்டே வீடு உள்ள மாடி, வராந்தா இல்லை. அதையும் உள்ளே அளந்து பார்த்திருந்தால் என்ன வந்திருக்குமோ. அளக்காமலே வேண்டாம் என்று விட்டோமே என்று இன்றும் வருத்தம்தான்.

---

சிவராமன்_சைட் (திங்கள், இரவு)

முத்துக்குமரன் சார், இருபத்திரண்டு வருடம் கட்டுமானக் கம்பெனிகளில் பில்லிங் பார்த்தவன் நான். இந்த ஏரியா ஸ்டேட்மென்ட் தயாரிப்பதும் என் வேலையாக இருந்தது. ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சொல்கிறேன்.

அவர்கள் சொன்ன 26 சதவீதமும் 20 சதவீதமும் ஒரே கணக்கு இல்லாமல் இருக்கலாம். எதில் 26 சதவீதம் என்று கேட்டீர்களா? ஒருவர் மொத்த சூப்பர் பில்டப்பில் காமன் ஏரியா எத்தனை சதவீதம் என்று சொல்வார். இன்னொருவர் சுவரும் பால்கனியும் சேர்ந்த பில்டப் ஏரியாவுக்கு மேல் எத்தனை சதவீதம் ஏற்றினோம் என்று சொல்வார். வேறொருவர் கார்பெட்டுக்கு மேல் ஏற்றியதைச் சொல்வார். எந்தக் கணக்கு சின்ன எண்ணாகத் தெரிகிறதோ அதைத்தான் விற்பனைப் பிரிவு எடுத்துச் சொல்லும்.

பிரபு தம்பி சொன்ன 30 சதவீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 சதுர அடி சூப்பர் பில்டப்பில் 30 கழித்தால் 700. ஆனால் கார்பெட்டுக்கு மேல் 30 சதவீதம் லோடிங் என்றால் 1,000-ஐ 1.3-ஆல் வகுக்க வேண்டும், 769 வரும். ஒரே "30 சதவீதம்", இடையில் 69 சதுர அடி. ஒரு குளியலறையும் சாமான் அறையும் போய்விட்டன.

அதைவிட முக்கியம், எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே சதவீதம் கிடையாது. கிளப் ஹவுஸும் இரண்டு மூன்று லிஃப்டும் உள்ள உயரமான கட்டடத்தில் ஒரு வீட்டின் தலையில் விழும் பொது இடம் நிறைய இருக்கும். நான்கு மாடியில் குறைவு. இரண்டிலும் ஒரே சதவீதம் கழித்தால் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய வித்தியாசத்தையே அழித்துவிடுகிறீர்கள்.

இரண்டு பில்டரிடமும் உங்கள் ஃபிளாட் எண் போட்ட ஏரியா ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். அதில் கார்பெட், பால்கனி, வெளிச்சுவர், காமன் ஏரியா நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். ரெரா என்கிற 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி திட்டத்தைப் பதிவு செய்யும்போதே ஒவ்வொரு வகை ஃபிளாட்டின் கார்பெட்டையும், பால்கனி, மொட்டைமாடி அளவையும் அவர்கள் அறிவித்திருப்பார்கள். தமிழ்நாடு ரெரா தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்து, கையில் கொடுத்த தாளோடு ஒப்பிடுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

---

ஷாஜஹான் (செவ்வாய், காலை)

நான் வேறு மாதிரி பார்க்கிறேன். சுவர் முப்பது நாற்பது வருடத்தில் பழசாகிவிடும். மண்தான் நிற்கும். ஆகவே யூடிஎஸ், அதாவது பிரிக்காத மனையில் உங்கள் பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள், விலையை அதால் வகுங்கள். அதுதான் உண்மையான ரேட். கார்பெட்டை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

---

சிவராமன்_சைட் (செவ்வாய், காலை)

ஷாஜஹான் பாய், அவர் கேட்டது இன்று குடும்பம் நடத்த எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று. நீங்கள் சொல்வது நாளை மறுவிற்பனையிலோ இடித்துக் கட்டும்போதோ என்ன கிடைக்கும் என்று. இரண்டுமே நல்ல கேள்விதான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றில் இருக்காது. மலிவான புறநகரில் யூடிஎஸ் தாராளமாக வரும், வீடு இருண்டு கிடக்கலாம்.

இன்னொன்று. யூடிஎஸ்ஸைப் பெரும்பாலும் சூப்பர் பில்டப் விகிதத்தில்தான் பிரிக்கிறார்கள். ஆகவே ஒரே கட்டடத்துக்குள் அதில் பெரிய புதுச் செய்தி இருக்காது. வேறு வேறு கட்டடங்களை ஒப்பிடும்போதுதான் மாறும். உயரமில்லாத கட்டடத்துக்கு இங்கே மனையைப் போல் இரண்டு மடங்கு கட்டலாம். உயர் கட்டடத்துக்கு ரோடு அகலம் இருந்தால் 3.25 மடங்கு வரை அனுமதி. அதனால் பதினான்கு மாடியில் ஒரு வீட்டுக்கு மண் குறையும்.

---

முத்துக்குமரன் (புதன், இரவு)

சிவராமன் சார், இரண்டு இடத்திலும் தாள் வாங்கிவிட்டேன். முதலாவது இடத்தில் மூன்று தடவை போன் போட்ட பிறகுதான் அனுப்பினார்கள்.

முதலாவது: கார்பெட் 812, பால்கனி 45, வெளிச்சுவரும் குழாய்கள் போகும் ஷாஃப்டும் 68, ஆக பில்டப் 925. காமன் 325. மொத்தம் 1,250.

இரண்டாவது: கார்பெட் 826, பால்கனி 40, வெளிச்சுவரும் ஷாஃப்டும் 64, ஆக பில்டப் 930. காமன் 190. மொத்தம் 1,120.

ஷாஜஹான் சார், யூடிஎஸ்ஸும் கேட்டேன். முதலாவதில் 390, இரண்டாவதில் 545.

ஆனால் புதுக் குழப்பம் ஒன்று வந்துவிட்டது. முதலாவது ஃபிளாட்டின் ப்ரோஷரில் இருக்கிற அறை அளவுகளை நானே பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன். ஹாலும் சாப்பாட்டு இடமும் 10.5க்கு 21. சமையலறை 8க்கு 9. படுக்கையறைகள் 11க்கு 13, 10க்கு 12, 10க்கு 10. குளியலறை இரண்டும் தலா 5க்கு 8. நடை 3.5க்கு 12. எல்லாம் சேர்த்து 777.5 தான் வருகிறது. 812 என்று எழுதியிருக்கிறார்கள். மீதி 34.5 சதுர அடியை என் கணக்கில் ஏற்றிவிட்டார்களா? நேரில் போய்ச் சண்டை போடலாமா?

---

சிவராமன்_சைட் (புதன், இரவு)

சண்டை வேண்டாம் சார். உங்கள் கணக்கும் சரி, அவர்கள் கணக்கும் சரி. ரெரா கார்பெட்டில் வீட்டுக்குள் இருக்கும் குறுக்குச் சுவர்கள் சேரும். வெளிச்சுவர், ஷாஃப்ட், பால்கனி சேராது. நீங்கள் அறைகளை மட்டும் கூட்டியிருக்கிறீர்கள், குறுக்குச் சுவர் விட்டுப்போயிற்று. நாலரை அங்குலச் சுவர் என்றால் 0.375 அடி. 34.5 சதுர அடிக்கு 92 அடி நீளச் சுவர் வேண்டும். மூன்று படுக்கையறை வீட்டுக்கு அது பொருத்தமான நீளம்தான். இந்தக் கழித்தலில் 80, 90 சதுர அடி வந்திருந்தால்தான் எதையோ உள்ளே சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

ராஜலட்சுமி அம்மா சொன்ன 690 என்பது சுவரே இல்லாத தரை. பழைய பொறியாளர்கள் கார்பெட் என்றால் அதைத்தான் சொல்வார்கள். ஆகவே பழைய ஃபிளாட்டில் நீங்கள் டேப் வைத்து அளந்ததையும் புதிய ஃபிளாட்டின் ரெரா கார்பெட்டையும் நேராகப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பழையதோடு குறுக்குச் சுவரையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ப்ரோஷர் அளவில் இன்னொரு சின்ன விஷயம். சில இடங்களில் பூச்சு போடாத செங்கல் முகத்திலிருந்து அளவு எழுதுவார்கள். இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூச்சு ஏறினால் பத்தடி அறை 9 அடி 11 அங்குலம் ஆகிவிடும். கட்டில் அலமாரி அளவு பார்த்து வாங்குகிறவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பழைய கேள்வி. 26 சதவீதமும் 20 சதவீதமும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துவிட்டது. முதலாவதில் 325-ஐ 1,250-ஆல் வகுத்து 26 என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவதில் 190-ஐ 930-ஆல் வகுத்து 20 என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் வையுங்கள். பில்டப்புக்கு மேல் ஏற்றியது முதலாவதில் 35 சதவீதம், இரண்டாவதில் 20 சதவீதம். நீங்கள் ஆறு என்று நினைத்த வித்தியாசம் பதினைந்து.

விலையைக் கார்பெட்டால் வகுத்துப் பாருங்கள். 85,00,000-ஐ 812-ஆல் வகுத்தால் 10,468 ரூபாய். 85,12,000-ஐ 826-ஆல் வகுத்தால் 10,305 ரூபாய். 800 ரூபாய் மலிவு என்று நினைத்தது 163 ரூபாய் அதிகமாகிவிட்டது. உங்கள் வீட்டம்மா கண்ணால் பார்த்துச் சொன்னது சரிதான்.

---

பிரபு_ஓஎம்ஆர் (வியாழன், காலை)

சரி சார், என் 30 சதவீதம் இங்கே தப்பாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். 91 அடி அதிகம் என்று சொன்னது உண்மையில் 14 அடி குறைவாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 325 சதுர அடி காற்றில் போய்விடவில்லையே? நீச்சல் குளம், ஜிம், குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாம் அதில்தானே இருக்கிறது. கார்பெட்டால் மட்டும் வகுத்தால் அதற்கெல்லாம் மதிப்பே இல்லை என்று ஆகிவிடாதா? என் இரண்டு பெண்களும் கிளப் ஹவுஸில்தான் நீச்சல் கற்றுக்கொண்டார்கள்.

---

சிவராமன்_சைட் (வியாழன், மதியம்)

நியாயமான கேள்வி தம்பி. மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். முதலாவதில் பொது இடத்துக்கு மட்டும் 325 பெருக்கல் 6,800, அதாவது 22 லட்சத்து 10 ஆயிரம். இரண்டாவதில் 190 பெருக்கல் 7,600, அதாவது 14 லட்சத்து 44 ஆயிரம். இடையில் 7 லட்சத்து 66 ஆயிரம். படி, லிஃப்ட், நடை இரண்டிலும் உண்டு. ஆக குளம், ஜிம், பெரிய வரவேற்பு இடம், கூடுதல் லிஃப்ட் இவற்றுக்கு ஏழரை லட்சத்துக்கு மேல். உங்கள் பெண்களுக்கு அது பொருத்தமான விலை. முத்துக்குமரன் வீட்டில் யார் நீந்தப் போகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அது அதோடு முடியாது. மாதப் பராமரிப்பையும் சூப்பர் பில்டப் அடிக்குத்தான் வாங்குவார்கள். அதையும் கேட்டுவிடுங்கள் சார்.

---

நந்தினி_கே (வியாழன், மாலை)

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் கார்பெட்தான். நாங்கள் சென்னையில் இரண்டு படுக்கையறை புது ஃபிளாட் பார்த்திருக்கிறோம். விலை 42 லட்சம், கார்பெட் 640 சதுர அடி, சூப்பர் பில்டப் 900. கார்பெட் 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஜிஎஸ்டி ஒரு சதவீதம்தான் என்கிறார்கள். 640 அதற்குள் வருமா? பால்கனி 38 சதுர அடி சேர்த்தால் தாண்டிவிடுமே என்று பயமாக இருக்கிறது.

---

சிவராமன்_சைட் (வியாழன், இரவு)

நந்தினி, 60 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 645.8 சதுர அடி. 640 உள்ளே வந்துவிடும். ஜிஎஸ்டிக்கும் ரெரா கார்பெட்தான், ஆகவே பால்கனியைக் கூட்ட வேண்டாம். 2019 ஏப்ரலிலிருந்து இருக்கும் இந்த விதியில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. மொத்த விலை 45 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்த 45 லட்சத்தில் பில்டர் வாங்கும் கார் பார்க்கிங், பொது வசதிக் கட்டணம் எல்லாம் சேரும். 42 லட்சத்துக்கு மேல் பார்க்கிங்குக்கு மூன்றரை லட்சம் தனியாகப் போட்டால் ஐந்து சதவீதத்துக்குப் போய்விடுவீர்கள். அதை முதலில் எழுத்தில் கேளுங்கள்.

---

அருள்_பொறியாளர் (வெள்ளி, காலை)

இவ்வளவு கணக்கு எதற்கு? ரெரா வந்த பிறகு சூப்பர் பில்டப்பில் விற்பதே சட்டவிரோதம். அப்படி ரேட் சொல்கிற பில்டரை விட்டு எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

---

சிவராமன்_சைட் (வெள்ளி, காலை)

பாதி சரி அருள். கார்பெட்டைச் சொல்லியே ஆக வேண்டும், ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும் என்பது உண்மை. சூப்பர் பில்டப்புக்கு அந்தச் சட்டத்தில் விளக்கமே இல்லை. இல்லாத ஒன்றை வைத்து விளம்பரத்தில் ரேட் போட்டுப் பேசுவது இங்கே இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை விட்டு எழுந்து வந்தால் மேடவாக்கத்தில் பார்க்க ஃபிளாட் மிச்சம் இருக்காது. விளக்கம் இல்லை என்பதால்தான் அதை வைத்து வழக்காடுவது கடினம், கார்பெட் குறைந்தால் வழக்குப் போட முடியும். ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் கார்பெட் எழுதியிருக்கிறது, கட்டி முடித்து அளக்கும்போது குறைந்தால் பணம் திரும்ப வருவதற்கு என்ன வரி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

---

முத்துக்குமரன் (சனி, மதியம்)

எல்லாச் செலவையும் எழுதி வாங்கிவிட்டேன். முதலாவதில் கார் பார்க்கிங் 4 லட்சம். மின்சாரம், குடிநீர் இணைப்பு, சட்டச் செலவு எல்லாம் சேர்த்து அடிக்கு 220 ரூபாய், அதுவும் 1,250-க்கு. ஆக 2 லட்சத்து 75 ஆயிரம். மொத்தம் 91,75,000. இரண்டாவதில் பார்க்கிங் 3 லட்சம், மற்றவை அடிக்கு 150 ரூபாய், ஆக 1 லட்சத்து 68 ஆயிரம். மொத்தம் 89,80,000. ஜிஎஸ்டியும் பத்திரச் செலவும் இதில் இல்லை, அவை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் வரும்.

கார்பெட்டால் வகுத்தால் முதலாவது 11,299, இரண்டாவது 10,872. இப்போது 427 ரூபாய் வித்தியாசம். பராமரிப்பு முதலாவதில் அடிக்கு நாலரை ரூபாய், மாதம் 5,625. இரண்டாவதில் மூன்றே கால் ரூபாய், மாதம் 3,640. நான் முதல் நாள் முன்பணம் கொடுக்கக் கிளம்பியிருந்தேன், மனைவிதான் நிறுத்தினாள். இரண்டாவதை முடித்துவிடலாம் என்று இருக்கிறோம்.

---

ராஜலட்சுமி (சனி, மாலை)

தம்பி, முடிப்பதற்கு முன்பு ஒன்று. துணி துவைக்கும் மெஷின் எங்கே வைக்கிறார்கள்? முதலாவது வீட்டின் அறைக் கணக்கில் நீங்கள் யுட்டிலிட்டி எழுதவில்லை. இரண்டாவதில் இருக்கிறதா? எந்தக் கணக்கில் போட்டிருக்கிறார்கள்?

---

முத்துக்குமரன் (ஞாயிறு, மாலை)

அம்மா, நல்ல வேளை கேட்டீர்கள். முதலாவதில் சமையலறைக்குப் பின்னால் 20 சதுர அடி யுட்டிலிட்டி இருக்கிறது, அதைப் பால்கனி 45-க்குள் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாவதில் யுட்டிலிட்டி 32 சதுர அடி. அது கார்பெட் 826-க்குள் இருக்கிறது! இன்று நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் முழுக்கக் கம்பி கிரில், மழை அடித்தால் உள்ளே வரும். "மேலே கூரை இருக்கிறது, வீட்டு வாசலுக்குள் இருக்கிறது, அதனால் கார்பெட்" என்கிறார் அங்கே இருந்த பொறியாளர்.

---

சிவராமன்_சைட் (ஞாயிறு, இரவு)

ராஜலட்சுமி அம்மா, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான்கு எண் தனித்தனியாக வந்துவிட்டது என்றதும் எந்த எண்ணுக்குள் எது இருக்கிறது என்று பார்க்காமல் வகுத்துவிட்டேன். தவறு என்னுடையது.

ஒரு பக்கம் திறந்த யுட்டிலிட்டி பால்கனியா கார்பெட்டா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் வேறு. நான் இருந்த இடங்களிலேயே இரண்டு விதமாகவும் போட்டிருக்கிறோம். என் கருத்தில் மழை வருகிற இடம் பால்கனிதான், ஆனால் அந்தப் பொறியாளர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்றும் சொல்ல மாட்டேன்.

ஆகவே இரண்டு வீட்டுக்கும் ஒரே கோடு போடுங்கள். யுட்டிலிட்டியை வெளியே எடுத்தால் இரண்டாவதின் கார்பெட் 794. மொத்தச் செலவை அதால் வகுத்தால் 11,310 ரூபாய். முதலாவது 11,299. ஒன்றேதான்! அறைகளை மட்டும் பார்த்தால் முதலாவதில் 18 சதுர அடி கூடவே இருக்கிறது. யுட்டிலிட்டியையும் பால்கனியையும் இரண்டிலும் சேர்த்தால் முதலாவது 857, இரண்டாவது 866. அப்படி வகுத்தால் முதலாவது 10,706, இரண்டாவது 10,370. இந்தக் கணக்கில் எதை எந்தத் தலைப்பில் போட்டார்கள் என்பது பாதிக்காது, அதனால் எனக்கு இதுதான் பிடித்தம்.

---

பிரபு_ஓஎம்ஆர் (ஞாயிறு, இரவு)

பால்கனி ஒரு அடியும் அறை ஒரு அடியும் ஒரே மதிப்பா சார்? நான் பால்கனியைப் பாதியாகத்தான் எடுப்பேன்.

---

சிவராமன்_சைட் (ஞாயிறு, இரவு)

பாதியாக எடுத்தாலும் இரண்டாவதுதான் கொஞ்சம் குறைவாக வரும் தம்பி. ஆனால் பாதியா, முக்காலா என்பதற்கு விதி கிடையாது. மேற்கு வெயில் அடிக்கிற பால்கனிக்கு நான் கால்தான் கொடுப்பேன்.

---

ஷாஜஹான் (திங்கள், காலை)

கார்பெட் ஒன்றாக வந்துவிட்டால் 545 அடி மண்ணும் 390 அடி மண்ணும் ஒன்றில்லையே. இப்போதாவது யூடிஎஸ்ஸைப் பார்க்கலாமே.

---

முத்துக்குமரன் (திங்கள், இரவு)

ஷாஜஹான் சார், அதையும் எழுதி வைத்துக்கொண்டேன். இன்னும் முடிவு எடுக்கவில்லை. முதலாவதில் மூன்றாவது படுக்கையறை 10க்கு 10, இரண்டாவதில் 9க்கு 10. அம்மா எங்களோடு வந்து இருக்கப்போகிறார், அந்த அறை அவருக்கு. சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டும். மனைவிக்கு 32 அடி யுட்டிலிட்டி பிடித்திருக்கிறது, மாதம் 1,985 ரூபாய் பராமரிப்பு மிச்சமும் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை டேப்போடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு மாதிரி வீட்டுக்கும் போகிறோம். இரண்டாவது இடத்தில் யுட்டிலிட்டியைத் தனியாகக் காட்டி ஏரியா ஸ்டேட்மென்ட்டைத் திருத்தித் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.